மகள் முகத்துக்கு வந்த நிறங்கள்

என் வீட்டுச் சுவரில் இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று என் வீட்டுக்காரர், இன்னொன்று என் மகள். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, இரண்டும் ஒரே நாளில் எடுத்ததா என்று கேட்கிறார்கள். அவர் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அவள் போய் இன்னும் இரண்டு வருஷம் முடியவில்லை. அந்த இரண்டு படமும் ஒன்றுபோல் ஆன கதையை நான்தான் எழுதவேண்டும். மாப்பிள்ளையைக் கேட்டால் பாதியை விழுங்கிவிடுவார்.

மகள் கல்லீரல் கெட்டுப் போய்ச் செத்தாள். ஏழு மாதம் படுத்தாள். கண் மஞ்சளானது, உள்ளங்கை மஞ்சளானது, கடைசி மாதத்தில் முகம் அடுப்புச் சாம்பலின் நிறத்துக்கு வந்துவிட்டது. அந்த ஏழு மாதத்தில் எடுத்த படங்கள் மாப்பிள்ளையின் போனில் நிறைய இருந்தன. ஒன்றையும் சுவரில் வைக்க முடியாது. வருஷத் திவசத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதுதான், அவளுக்கென்று மாலை போட ஒரு படம் இல்லை என்பது எங்களுக்கு உறைத்தது.

மாப்பிள்ளை ஒரு நாள் முழுக்கப் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்து ஒரு படத்தை எடுத்தார். நோய் வருவதற்கு முந்தின வருஷம், எங்கள் எஸ்டேட் குடியிருப்பு லயத்து மாரியம்மன் கோயில் சாப்பாட்டுப் பந்தியில் அவர் எடுத்தது. மகள் கையில் சாம்பார்க் கரண்டியோடு நின்று யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். நல்ல சிரிப்பு. ஆனால் மழைக்காக மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அந்த நீலம் இறங்கி அவள் முகம், கழுத்து, கை எல்லாவற்றிலும் அப்பியிருந்தது. கட்டியிருந்தது மஞ்சள் சேலை. படத்தில் அது பாசி பிடித்ததுபோல் இருந்தது.

"குளிர்ல வெறைச்சுப் போனவ மாதிரி இருக்காளே," என்றேன்.

"அதெல்லாம் கடையில மாத்திருவாங்க அத்தை," என்றார் மாப்பிள்ளை.

சாந்தன்பாறை பஜாரில், ஜீப் நிற்கிற இடத்துக்கு எதிரே மாடியில் அந்த ஸ்டுடியோ இருக்கிறது. கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். போடிப் பக்கத்துக்காரர். கேரளாவுக்கு வந்து பேச்சில் மலையாளம் கலந்துவிட்டது. மகளின் கல்யாண ஆல்பமும் அவர் போட்டதுதான். அப்போது மெலிந்த பையனாக இருந்தார். இப்போது கம்ப்யூட்டருக்கும் சுவருக்கும் நடுவில் அவர் வயிறு சிக்கிக்கொண்டிருக்கிறது.

நான் வீட்டுக்காரர் படத்தையும் சுவரிலிருந்து கழற்றி, சேலைத் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். மரம் வரைந்த திரைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எடுத்தபோது அந்தத் திரையில் பச்சையும் இருந்தது, வானத்தின் நீலமும் இருந்தது. இப்போது எல்லாம் போய் ஒரே செம்பழுப்பு. அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டை டீ சிந்திய துணிபோல் ஆகிவிட்டது.

"பழைய பிரிண்டுல இப்படித்தான் பெரியம்மா," என்றார் கடைக்காரர். "மத்த சாயம் ஓடிப் போகும், செவப்பு மட்டும் நிக்கும். இதைக் குடுங்க, முதல்ல இதைச் சரி பண்ணிருவோம். பெரியப்பா சட்டையை வெள்ளையாக்கித் தாரேன்."

"அதுல கை வைக்காத."

"நல்லாயிருக்கும் பெரியம்மா."

"இருபத்திரண்டு வருஷமா இந்த நெறத்துலதான் அவரு முகத்துல முழிக்கேன். நீ வெள்ளையாக்கிட்டா எனக்கு யாரோ மாதிரி ஆகிரும். அவரு இப்படியே இருக்கட்டும். அவளை இவர்கிட்டக் கொண்டு வா. ரெண்டும் ஒரே வெளிச்சத்துல இருக்கணும்."

கடைக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்தார். நான் பேச ஆரம்பித்தால் அவர் அப்படித்தான் செய்வார்.

"ஷரி," என்றார் கடைக்காரர். "அப்ப பெரியப்பா படம் மாதிரி. இதுல இருக்க கலரை எடுத்து அதுக்குக் குடுக்கணும். அவ்வளவுதானே? ஒரு பிரஸ்னமும் இல்ல."

அவர் படத்தைக் கண்ணாடியிலிருந்து எடுத்து ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினார். கொஞ்ச நேரத்தில் அது கம்ப்யூட்டர் திரையில் வந்தது. பக்கத்தில் மகள் படம். எதையோ தட்டினார். நான் மூச்சு இழுத்து விடுவதற்குள் தார்ப்பாய் பழுப்பானது, சேலை பழுப்பானது, சாம்பார்க் குண்டானும் பழுப்பானது. மகள் முகம் சூளையில் இருந்து எடுத்த செங்கல் ஆனது.

"இது யாரு?" என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். ஆனால் கோபப்படாமல் விளக்கிச் சொன்னார். மாதிரிக்கு வைத்த படத்தை அந்த மெஷின் மொத்தமாக எடுத்துக்கொள்ளுமாம். வெளிச்சம் எவ்வளவு, இருட்டு எவ்வளவு, நிறமெல்லாம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அளந்துகொண்டு, மற்றப் படத்தையும் அந்த அளவுக்கு இழுக்குமாம். எது தார்ப்பாய், எது பெண்பிள்ளை முகம் என்று அதற்குத் தெரியாது. எல்லாம் அதற்கு நிறம்தான்.

"அப்ப முகத்தைத் தொடாதேன்னு சொல்லு," என்றேன்.

"அதைத்தான் செய்யணும். முகத்தை வரைஞ்சு மூடி வச்சுட்டா மத்த இடத்துல மட்டும் ஏறும். வியாழக்கிழமை வாங்க."

வியாழக்கிழமை போனோம். முகத்தை மூடி வைத்திருந்தார். சுற்றிலும் என் வீட்டுக்காரரின் செம்பழுப்பு. நடுவில் முகம் மட்டும் பழையபடி நீலம். சுவரில் ஓட்டை போட்டு, அந்தப் பக்கத்து ஊரில் இருந்து எட்டிப் பார்க்கிறவள் மாதிரி இருந்தாள். அதோடு அவர் முகத்தை மட்டும்தான் வரைந்திருந்தார். காது இரண்டும் செங்கல், கரண்டி பிடித்த கை செங்கல்.

"காது யாருதுப்பா?" என்று கேட்டேன். "இரவல் வாங்கிப் போட்டியா?"

மாப்பிள்ளை சட்டென்று சிரித்துவிட்டார். அவள் போன பிறகு அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். உடனே வாயை மூடிக்கொண்டார்.

கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "உக்காருங்க பெரியம்மா. இன்னைக்கு முடிச்சுத்தான் எந்திரிப்பேன்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நானும் உட்கார்ந்தேன். நாற்பது வருஷம் ஏலக்காய் ஸ்டோரில் காய் பிரித்தவள் நான். பச்சைக் காயைத் தனியாக, வெளிறினதைத் தனியாக, சூடு கூடிப்போய்ப் பழுத்ததைத் தனியாகப் பிரிக்கவேண்டும். நான் பிரித்த குவியலை மேஸ்திரி திருப்பிக் கிளறினது கிடையாது. ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் நடுவில் இருக்கிற முடியளவு வித்தியாசம் என் கண்ணில் தப்பாது. அதனால்தான் கடைக்காரரிடம் அவ்வளவு தைரியமாகப் பேசினேன். எனக்கு அதில் ஒரு திமிரே உண்டு.

அவர் காதையும் கழுத்தையும் கையையும் விரல் விரலாக வரைந்தார். ஓரம் கத்தியால் வெட்டினதுபோல் தெரியக்கூடாது என்று மெல்லக் கரைத்துவிட்டார். பிறகு தோலில் இருந்து முதலில் தார்ப்பாய் நீலத்தை வெளியே எடுக்கவேண்டும் என்றார். அது போன பிறகு பெரியப்பா படத்துச் சிவப்பை முழுசாக ஏற்றாமல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் தோலில் ஏற்றினார். கொஞ்சமும் ஏற்றாவிட்டால் முகம் ஒட்டு வைத்தது மாதிரி நிற்குமாம். ஒரே அறையில் இருந்தால் அறையின் வெளிச்சம் கொஞ்சமாவது முகத்தில் விழத்தானே செய்யும் என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. கண் வெள்ளையையும் பல்லையும் தனியாகப் பார்த்துக்கொண்டார்.

கடைசியில் திரையை என் பக்கம் திருப்பினார். சண்டை சச்சரவில்லாத படம். முகம் பழுப்புக்குள் ஒட்டி உட்கார்ந்திருந்தது. காது அவள் காது. கை அவள் கை. ஆனால் கோதுமை நிறத்தில் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு வெளுப்பு இல்ல தம்பி எம் பொண்ணு."

"கொஞ்சம் வெளிச்சம் கூட்டிருக்கேன், அவ்வளவுதான். முகம் எடுப்பா இருக்கணும்ல?"

"உன்னை யாரு கூட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லவேண்டாம் பெரியம்மா. கூட்டாம குடுத்தா மறுநாள் மாடி ஏறி வந்து சண்டை போடுவாக. எம் பிள்ளையைக் கருப்பாக்கிட்டேன்னு. முப்பது வருஷமா இந்தக் கடையில உக்காந்திருக்கேன். கருப்பா வேணும்னு கேட்டு ஒருத்தர் வந்ததில்ல."

"நான் வந்திருக்கேன்ல."

அவர் ஒளியைக் குறைத்தார். முகம் இருண்டது, ஆனால் அவள் வரவில்லை. அழுக்காய்த் தெரிந்தாள். வெளிச்சத்தைக் குறைத்தால் கருப்பாகும், அது அவள் கருப்பாகாது. ஒவ்வொரு கருப்புக்கும் உள்ளே ஒரு நிறம் இருக்கிறது. சிலருக்குச் செம்பு, சிலருக்கு நீலம், சிலருக்கு ஈர மண். அவளுக்கு என்ன? எனக்குத் தெரியும். ஆனால் வாயில் சொல்ல வரவில்லை. சாம்பல் நிறம்தான் கண்ணுக்குள் வந்து வந்து நின்றது. ஏழு மாதம் பார்த்தது நாற்பது வருஷம் பார்த்ததை மூடிவிட்டது.

"வாயால சொன்னா எனக்குப் புரியாது பெரியம்மா," என்றார் கடைக்காரர். "நல்ல வெளிச்சத்துல எடுத்த படம் வேற ஏதாவது இருந்தாக் கொண்டாங்க. அதுல இருந்து தோல் நெறத்தைப் பிடிச்சிருவேன். கல்யாண ஆல்பம் இருக்கும்ல?"

நான் மண்டையில் அடித்துக்கொண்டேன். ஆல்பம் இருக்கிறதே, அது ஏன் இவ்வளவு நாள் தோன்றவில்லை! ஏன் தோன்றவில்லை என்பது எனக்கு அடுத்த முறை போனபோதுதான் விளங்கியது.

ஆல்பம் டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தது. வந்த நாளில் இருந்த பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. நான் அதைத் திறக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். மாப்பிள்ளை அதைப் பார்த்தார், பின்னால் ஏறிக்கொண்டார்.

கடைக்காரர் ஒரு பக்கத்தை அந்தப் பெட்டியில் வைத்து மூடினார். திரையில் மகள் வந்தாள். தாலி ஏறின கழுத்தோடு, இருபத்திரண்டு வயதில். அவர் கன்னத்தில் ஒரு புள்ளியைத் தொட்டார். ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் அந்த நிறம் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பக்கத்தில், அன்றைக்கு அவர் போட்ட கோதுமை நிறத்தையும் வைத்தார்.

"நீங்களே பாருங்க பெரியம்மா! நான் குடுத்ததைவிட இதுதான் வெளுப்பு. பொண்ணு நல்ல கலராத்தான் இருந்திருக்கு. என்னையப் போட்டு அந்தப் பாடு படுத்துனீங்களே!"

அவர் ஜெயித்த சந்தோஷத்தில் சிரித்தார்.

இருபது வருஷத்துக்கு முன்னால், இதே மேஜைக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். வீட்டுக்காரர் செத்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. தகப்பன் இல்லாத பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தவிப்பில் நான் ஆளே மாறிப் போயிருந்தேன். மூன்று இடம் வந்து, பார்த்து, காப்பி குடித்துவிட்டுப் போனது. மூன்றிலும் காரணம் அதுதான். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் பார்வை அவள் கைக்குப் போகும். நான்காவதாக இந்த மாப்பிள்ளை வந்தார், எந்தக் கேள்வியும் கேட்காமல் சம்மதம் என்றார். அதோடு நான் நிம்மதியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கல்யாணம் முடிந்து ஆல்பம் பிரிண்டுக்குப் போகிறதற்கு முன்னால், மகளுக்குச் சொல்லாமல் நான் மாடி ஏறி வந்தேன். ஒவ்வொரு பக்கமாகக் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றிலும் அவள் முகத்தை வெளுக்கச் சொன்னேன். இன்னும், இன்னும் என்றேன். "மதி பெரியம்மா, போதும், இதுக்கு மேல போனா முகமே தெரியாது," என்று அந்த மெலிந்த பையன் சொன்னான். நான் விடவில்லை. மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் ஆயிரம் பேர் பார்ப்பார்கள், எம் பிள்ளையை யாரும் குறையாகச் சொல்லக்கூடாது என்றேன்.

ஆல்பம் வந்த அன்று மகள் மடியில் வைத்துத் திருப்பினாள். நாலு பக்கம் பார்த்தாள்.

"ஏம்மா, கல்யாணம் எனக்கா, இவளுக்கா?" என்றாள்.

"போட்டோன்னா அப்படித்தான் விழும்."

"அவருக்கு மட்டும் விழல. அவரு அவரு மாதிரியேதான இருக்காரு."

நான் அடுப்புப் பக்கம் போய்விட்டேன். அவள் உறையை மாட்டிப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். இருபது வருஷத்தில் ஒரு விருந்தாளிக்கும் அதை எடுத்துக் காட்டவில்லை. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் அந்த வழியையும் எனக்குக் கொடுக்கவில்லை.

"அது அவ இல்ல தம்பி," என்றேன். "நான்தான் உன்கிட்டச் சொல்லி வெளுக்க வச்சேன்."

கடைக்காரர் என்னை உற்றுப் பார்த்தார். எத்தனையோ அம்மாக்கள் வந்து நின்ற மேஜை. அவருக்கு ஞாபகம் இருக்க வழியில்லை. ஆனால் இருந்ததா இல்லையா என்று அவர் காட்டிக்கொள்ளவில்லை. அந்தச் சின்னக் கட்டத்தை மட்டும் அழித்தார்.

பிறகு தணிந்த குரலில், "வீட்டுல யாராவது பிள்ளை கலர்ல இருக்காகளா?" என்று கேட்டார். "கூடப் பிறந்தவுக, இல்ல அப்பா வழியில?"

கூடப் பிறந்தவர்கள் இல்லை. அப்பா வழி என்றுதான் நான் எப்போதும் சொல்லி வந்தேன். அவள் பிறந்த நாளில் இருந்தே, 'அவுக அப்பாவைக் கொண்டு வந்துருக்கா' என்று லயம் முழுக்கச் சொன்னவள் நான். அவர் மாநிறம். படத்தில் நிறம் போன பிறகு அதைக் கேட்பதற்கும் ஆளில்லை. நான் எப்போதும் முழுக்கை ரவிக்கைதான் போடுவேன். ஏலக்காட்டில் அட்டைக்கும் கொசுவுக்கும் பயந்து எல்லாரும் சட்டை போடுவார்கள், வீட்டுக்கு வந்து கழற்றிவிடுவார்கள். நான் வீட்டிலும் கழற்றினதில்லை. முகத்துக்குப் பவுடர் போடாமல் கோயிலுக்கு, கல்யாணத்துக்குப் போனதில்லை. என் அம்மா என்னை அப்படி வளர்த்தாள். என்னை யாரும் கருப்பி என்று கூப்பிட்டது இல்லை என்பதில் எனக்குப் பெருமை.

மாப்பிள்ளை பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் செய்யவேண்டியிருந்ததுதான் கஷ்டம். நான் இடது கை ரவிக்கையை மேலே சுருட்டினேன். முழங்கைக்கு மேல் தோள் வரைக்கும். வெயிலும் புகையும் படாத இடம். எழுபது வயதில் தோல் தொங்குகிறது. நிறம் தொங்கவில்லை.

கடைக்காரர் கையைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தார்.

மாப்பிள்ளை வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "ஆமாண்ணே," என்றார். "இதுதான்." சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கிக் கீழே போய்விட்டார்.

அவருக்கு எப்போதிருந்து தெரியும் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

கடைக்காரர் அறையில் எரிந்த டியூப் லைட்டை அணைத்தார். அதன் வெளிச்சம் கலந்தால் நிறம் பொய்யாகும் என்றார். என்னை வாசலுக்குக் கூட்டிப் போய் நிற்க வைத்தார். வெயில் இல்லை. மேகம் மூடின பகல். எந்தப் பக்கமும் நிழல் விழாத வெளிச்சம். ஒரு வெள்ளைக் காகிதத்தை என் கைக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். காகிதம் திரையில் வெள்ளையாக வந்தால்தான் கையும் உள்ளபடி வந்திருக்கிறது என்று நம்பலாமாம். பிளாஷ் போடாமல் எடுத்தார்.

எதிர் வரிசைக் கடைக்காரி, "என்னா பெரியம்மா, ஊசி போடுதாகளா?" என்று கத்தினாள்.

"ஆமாடி, உனக்கும் ஒண்ணு போடச் சொல்லவா?" என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

அவர் என் கையில் இருந்து நிறத்தை மட்டும்தான் எடுத்தார். வெளிச்சத்தை எடுக்கவில்லை. அது அவள் படத்தில் இருக்கிறபடியே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நெற்றி மேடும் கன்னக் குழியும் போய்விடும் என்றார். நீலம் இருந்த இடத்தில் அந்த நிறம் மெல்ல ஏறியது. மூக்கு நுனியில் அடுப்பு வேர்வையின் மினுமினுப்பு அப்படியே நின்றது. இடது கண்ணுக்குக் கீழே சின்னம்மை வடு ஒன்று. அதை அவர் தொடப் போனபோது நான் அவர் கையைத் தட்டினேன். அதற்கு மேல் என் வீட்டுக்காரரின் செம்பழுப்பைக் கொஞ்சமாக, சாயங்கால வெளிச்சம் விழுந்த அளவுக்கு மட்டும், முகத்தில் விட்டார்.

முதலில் அவள் கழுத்து வந்தது. அப்புறம் கை. அப்புறம் முகம்.

நான் அழவில்லை. கடையில் உட்கார்ந்து அழுகிற ஆள் நானில்லை. சின்னதாக ஒரு பிரிண்ட் போட்டுத் தா என்றேன். திரையில் இருந்ததைவிடக் காகிதத்தில் கொஞ்சம் இருண்டு வந்தது. ஒரு துளி வெளிச்சம் ஏற்றி மறுபடி போட்டார். அதை வாசலில் கொண்டுபோய், பகல் வெளிச்சத்தில் வீட்டுக்காரர் படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்பாவும் மகளும் ஒரு வீட்டில், ஒரு நேரத்தில் இருந்தார்கள். மாப்பிள்ளை கீழே ஜீப் பக்கத்தில் நின்று மேலே பார்த்தார். நான் படத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவ்வளவு தூரத்தில் என்ன தெரியும்? ஆனாலும் தலையை ஆட்டினார்.

அதோடு கிளம்பியிருக்கலாம். எனக்கு ஆசை விடவில்லை. ஆல்பத்தை மறுபடியும் மேஜையில் வைத்தேன்.

"இதையும் இதே மாதிரி ஆக்கிரு தம்பி. இப்பத்தான் நெறம் கிடைச்சிருச்சே. எல்லாம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். தாலி கட்டின பக்கம்."

அவர் முடியாது என்று உடனே சொல்லவில்லை. அந்தப் பக்கத்தைத் திரையில் வைத்து, முகத்தை வரைந்து, என் கை நிறத்தை அதில் ஏற்றினார். பூசினதுபோல் உட்கார்ந்தது. சுவருக்கு வண்ணம் அடித்தால் இருக்குமே, அப்படி. வெளிச்சத்தைக் குறைத்தார், சேறானது. கூட்டினார், பழையபடி ஆனது. கன்னத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். ஒன்றுமில்லை. மேடில்லை, பள்ளமில்லை, வடு இல்லை. கண்ணும் புருவமும் உதடும் ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி வைத்ததுபோல் நின்றன.

"இங்க எடுக்கிறதுக்கு ஒண்ணுமில்ல பெரியம்மா," என்றார். "நீலத்துக்குக் கீழ தோல் இருந்துச்சு, அதைப் பிடிச்சோம். இது வெளுத்து வெளுத்து வெறும் வெள்ளையாயிருச்சு. கீழ எதுவும் மிச்சமில்ல."

"நீ மொதல்ல எடுத்த படம்? வெளுக்காதது?"

"அந்தக் கம்ப்யூட்டர் போயே பன்னெண்டு வருஷம் இருக்கும். சிடில பழைய கல்யாணம் கொஞ்சம் கிடக்கு, பாக்கேன்." அவர் உள்ளே போய் ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். வெகுநேரம் தேடினார். வந்தபோது கையெல்லாம் தூசி. கைகளைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அழிச்சுட்டோம் பெரியம்மா," என்றார்.

அழித்துவிட்டோம் என்றாரே, அந்தச் சொல்லில் தன்னையும் சேர்த்துக்கொண்டாரே, அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். மதி என்று அன்றைக்கே சொன்ன பிள்ளை அவர்.

வருஷத் திவசத்தன்று சொந்தபந்தம் எல்லாம் வந்தது. இரண்டு படத்துக்கும் மாலை போட்டோம். மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். "படம் நல்லாத்தான் இருக்கு. முகத்துல கொஞ்சம் கலர் கூட்டச் சொல்லியிருக்கலாம், கடைக்காரன் ஏமாத்திட்டான்," என்றாள்.

"அவன் ஏமாத்தல," என்றேன். "அவ அப்படித்தான் இருந்தா."

அவள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், ஒரு நொடி சொம்போடு நின்றார். அப்புறம் அடுத்த இலைக்குப் போனார்.

நாற்பது வயது மகள் சுவரில் இருக்கிறாள். காலையில் எழுந்ததும் அவளைப் பார்க்கிறேன். அவள் சிரிப்பும் வடுவும் நிறமும் சரியாக இருக்கின்றன. ஆனால் அவள் இருபத்திரண்டு வயதில், புதுச் சேலை கட்டிக்கொண்டு, என் முன்னால் குனிந்து கால் தொட்டு எழுந்தபோது எப்படி இருந்தாள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு நான்தான் அவளுக்குப் பூ வைத்தேன். அவள் முகம் என் கைக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு தேடினாலும், முதலில் வந்து நிற்பது அந்த ஆல்பத்து வெள்ளை முகம்தான்.